வாழ்த்து மெயில்களின் செலவுக் கணக்கு

நூற்றிருபது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 10 மணிக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு மெயில்: இன்னாருக்குப் பதவி உயர்வு. அடுத்த நொடியிலிருந்து ‘ரிப்ளை ஆல்’ தொடங்கும். ‘வாழ்த்துகள் சார்’, ‘கங்கிராட்ஸ்’, ‘வெல் டிசர்வ்ட்’, நடுவே ஒரு கைத்தட்டல் படம். மறுநாள் மாலைக்குள் 46 பதில்கள். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் அலுவலக மெயில் வைத்திருக்கும் யாருக்கும் இந்த எண் பெரிதாகத் தெரியாது.

ஒருவர் அனுப்பும் பதில் மற்ற 119 பேருக்கும் போகிறது. 46 × 119 = 5,474. வாழ்த்தியவர்கள் நாற்பத்தாறு பேர், வந்து சேர்ந்த பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல். ரிப்ளை ஆலின் செலவு எப்போதும் கூட்டலில் அல்ல, இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

இந்தப் பெருக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பேர்பெற்ற உதாரணம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலேயே நடந்தது. 1997 அக்டோபர் 14 அன்று, ‘பெட்லாம் டிஎல்3’ என்ற பட்டியலில் தன் பெயர் இருப்பதைப் பார்த்த ஓர் ஊழியர், என்னை நீக்கிவிடுங்கள் என்று அந்தப் பட்டியலுக்கே எழுதினார். பட்டியலில் சுமார் 13,000 பேர். ‘என்னையும்தான்’ என்று பலர் எழுத, எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று வேறு சிலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். மைக்ரோசாஃப்டின் மெயில் பிரிவினரே பிற்பாடு எழுதிவைத்த கணக்குப்படி 1.5 கோடி மெயில்கள், 195 ஜிபி. தலைக்கு ஏறத்தாழ 1,150 மெயில். அன்றைய சர்வர்கள் திணறிப்போனதில் வியப்பில்லை.

நம் அலுவலகத்து 46-ஐ இன்றைய சர்வர் கவனிக்கக்கூட இல்லை. செலவு மனிதர்கள் பக்கம்தான். அதற்கு என்ன விலை போடுவது?

கவனச்சிதறல் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே எடுப்பது 23 நிமிடம் என்ற எண். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் பெயரில் வழங்குவது அது: இடையூறுக்குப் பிறகு பழைய வேலைக்குத் திரும்ப ஆகும் சராசரி நேரம். ஆனால் நடுவில் வேறு வேலைகளுக்குப் போய்விட்டுத் திரும்புவதும் அதில் அடக்கம். ஒரு ‘கங்கிராட்ஸ்’ மெயிலுக்கு அதை விலையாகப் போட்டால், 46 மெயிலுக்கு 17 மணி நேரத்துக்கு மேல் வரும். யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. நான் எடுப்பது மெயிலை மட்டுமே வைத்து அளந்த சிறிய எண். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜாக்சனும் கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மெயில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்ப சராசரியாக 64 விநாடி ஆனது. வந்த மெயில்களில் 70 சதவீதத்தை 6 விநாடிக்குள்ளேயே கவனித்துவிட்டார்கள் என்பது அதே ஆய்வின் இன்னொரு எண். தொலைபேசி மணிக்குக்கூட மக்கள் அவ்வளவு வேகமாக எழுவதில்லை.

ஒரு மெயிலை எட்டிப் பார்த்து ஒதுக்க 10 விநாடி என்று வைப்போம். எல்லா மெயிலும் வேலையைக் கலைப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவை, மொத்தமாக ஒதுக்கியவை போக, நான்கில் ஒன்று மட்டும் கலைக்கிறது என்பது என் அனுமானம். கூடுதலாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே குறைத்து வைத்தது. சம்பளத்துக்கு மாதம் 40,000 ரூபாய், 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 227 ரூபாய்.

| | ஒருவருக்கு | 120 பேருக்கும் |
|---|---|---|
| வந்த மெயில் | 46 | 5,474 |
| பார்த்து ஒதுக்க | 7 நிமிடம் 40 விநாடி | 15 மணி 12 நிமிடம் |
| கலைந்து திரும்ப | 12 நிமிடம் 16 விநாடி | 24 மணி 19 நிமிடம் |
| ரூபாயில் | 75 | 8,970 |

மொத்தம் 39 மணி நேரம் 31 நிமிடம், அதாவது ஒருவரின் ஐந்து நாள் வேலை. பதவி உயர்ந்தவருக்கு அந்த ஒன்பதாயிரத்துக்குப் பட்டு வேட்டியும் மாலையும் வாங்கிப் போட்டிருந்தால் அவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

இனி மியூட் பக்கம். ஜிமெயிலில் மெயில்தொடரைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் `Mute` இருக்கும். கணினியில், அமைப்புகளில் கீபோர்டு ஷார்ட்கட் இயக்கியிருந்தால் `m` என்ற ஒரே விசை போதும். அழுத்தியவுடன் அந்தத் தொடர் இன்பாக்ஸிலிருந்து போய்விடும், அழிவதில்லை. அடுத்து வரும் பதில்களும் இன்பாக்ஸைத் தொடாமல் `All Mail` பகுதிக்கு நேரே போய்ச் சேரும். ஃபோன் மணி அடிக்காது. பலர் இதை ஆர்க்கைவ் செய்வதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்க்கைவ் செய்த தொடர் அடுத்த பதில் வந்ததும் இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். 46 பதில் வரும் தொடரை ஆர்க்கைவ் செய்துகொண்டே இருந்தால், 46 முறை செய்ய வேண்டும். மியூட் ஒரு முறைதான்.

ஐந்தாவது வாழ்த்து வந்ததும் மியூட் போட்டவரின் கணக்கு இப்படி: ஐந்து மெயில் பார்க்க 50 விநாடி, ஒரு முறை கலைந்ததற்கு 64, மியூட் போட 5. மொத்தம் 119 விநாடி. ஒன்றும் செய்யாதவருக்கு 19 நிமிடம் 56 விநாடி ஆனது. மிச்சம் 17 நிமிடம் 57 விநாடி, ரூபாயில் 68. மியூட்டைப் புகழ்கிறவர்கள் கணக்கை இங்கேயே மூடிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பதிவு பாக்கி இருக்கிறது.

அந்த 46-ல் முப்பத்தோராவது மெயில் வாழ்த்து அல்ல என்று வையுங்கள். பதவி உயர்ந்தவரே எழுதுகிறார்: அனைவருக்கும் நன்றி, வெள்ளிக்கிழமை பொறுப்பை ஒப்படைக்கிறேன், என்னிடம் நிலுவையில் உள்ள கோப்புகளை இணைத்துள்ள எக்ஸெல் தாளில் நிரப்பி வியாழன் மாலைக்குள் அனுப்புங்கள். புதிதாக ஒரு மெயில் எழுதாமல், கண்முன் இருந்த தொடரிலேயே பதில் போட்டுவிட்டார். அலுவலகங்களில் முக்கியமான செய்தி தொலைவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஜிமெயில் இதை உங்களிடம் கொண்டுவருமா? மியூட் செய்த தொடரில் யாராவது உங்களுக்கு மட்டும் தனியாக எழுதினாலோ, உங்களை `To` அல்லது `Cc` வரியில் புதிதாகச் சேர்த்தாலோ அது இன்பாக்ஸுக்குத் திரும்பும். நூற்றிருபது பேருக்கும் பொதுவாக எழுதிய மெயில் திரும்பாது. முப்பத்தோராவது மெயில் இப்படித் திரும்பாத வகை. மெயிலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மியூட்டுக்குப் பொருட்டல்ல, யாருக்கு எழுதப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது.

தவறவிட்டதால் வெள்ளி காலை ஓடியாடி அரை நாள் போனது என்று வைப்போம். 4 மணி நேரம், 908 ரூபாய். ஒரு மியூட்டில் மிச்சமானது 68. வகுத்தால் ஏறக்குறைய 13. அதாவது நீங்கள் மியூட் போடும் பதின்மூன்று தொடர்களில் ஒன்றில் இப்படிப்பட்ட மெயில் ஒளிந்திருந்தால், லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி. அதைவிட அடிக்கடி ஒளிந்திருந்தால் மியூட் உங்களுக்கு நஷ்டம். பிறந்தநாள், பணி ஓய்வு, பண்டிகை வாழ்த்துத் தொடர்களில் அந்த விகிதம் மிகக் குறைவு. ஒப்பந்தப்புள்ளி, ஆடிட், வாடிக்கையாளர் புகார் பற்றிய தொடர்களில் ‘ஓகே’, ‘நோட்டட்’ என்று எத்தனை வந்தாலும் அந்த விகிதம் அதிகம். அவற்றை நான் மியூட் செய்யமாட்டேன்.

இந்த நஷ்டத்துக்கு ஒரு மலிவான காப்பீடு உண்டு. மாலையில் கிளம்பும் முன் தேடல் பெட்டியில் இவற்றை ஒவ்வொன்றாகப் போட வேண்டும்:

```
is:muted is:unread
is:muted filename:xlsx
```

முதல் வரி, மியூட் செய்தும் படிக்காமல் கிடப்பவற்றைக் காட்டும். தொடரைத் திறந்து வேகமாக உருட்டினால், ஒருவரி வாழ்த்துகளுக்கு நடுவே நான்கு வரி மெயில் தனியாகத் தெரியும். இரண்டாவது வரி எக்ஸெல் இணைப்பு உள்ள தொடர்களை மட்டும் எடுக்கும். இணைப்பு உள்ளதா என்று பொதுவாகத் தேடினால் கையெழுத்தில் ஒட்டிய நிறுவன லோகோக்களும் சேர்ந்து வந்து தொல்லை தரலாம், அதனால்தான் கோப்பு வகையைச் சொல்வது. நாளுக்கு ஒரு நிமிடம், இரண்டு நாள். மிச்சம் பதினாறு நிமிடமாகக் குறையும், அரை நாள் நஷ்டம் ஏறக்குறைய இல்லாமல் போகும். முக்கியமானது கண்ணில் பட்டால் அதே மூன்று புள்ளிகளில் `Unmute`.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காப்பீடு அப்படியே பொருந்தாது. அங்கே மியூட்டின் இடத்தில் இருப்பது `Ignore`. அது தொடரையும், இனி வரும் பதில்களையும் `Deleted Items` கோப்புறைக்குத் தள்ளுகிறது. பல அலுவலகங்களில் அந்தக் கோப்புறை குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை தானாகக் காலியாகும்படி வைத்திருப்பார்கள். ஜிமெயிலில் மூன்று மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம், இங்கே அந்தக் கெடு முடிந்தால் போனது போனதுதான். அதே முப்பத்தோராவது மெயிலுக்கு இங்கே விலை கூடுதல். ஆகவே அவுட்லுக்கில் சரிக்குச் சரி ஆகும் எண் பதின்மூன்றை விடப் பெரிது.

சர்வரே தடுத்துவிடாதா என்று கேட்கலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்ட் 2020-ல் அப்படி ஒரு காவலைக் கொண்டுவந்தது. அறிமுகமானபோது அது, 5,000 பேருக்கு மேல் உள்ள தொடரில் 60 நிமிடத்துக்குள் 10 ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த 4 மணி நேரத்துக்கு மேற்கொண்டு பதில்களைத் தடுத்தது. நூற்றிருபது பேர் அலுவலகம் அந்த வலையில் சிக்கவே சிக்காது.

மியூட் போட்ட பிறகும் அதே வாழ்த்து இன்பாக்ஸில் மறுபடி முளைத்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். யாராவது பொருள் வரியை மாற்றியிருப்பார்கள், ‘வாழ்த்துகள்!!!’ என்று மூன்று ஆச்சரியக்குறி சேர்த்திருந்தாலும் போதும். அல்லது தொடரில் மெயில் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியிருக்கும். இரண்டிலும் ஜிமெயில் புதுத் தொடரைத் தொடங்கிவிடுகிறது, பழைய மியூட் அதற்குச் செல்லாது. நம் 46-க்கு இந்த இரண்டாவது கவலை இல்லை. ஆயிரம் பேர் பட்டியலில் ஓர் அதிகாரி ஓய்வு பெறும்போது 230 வாழ்த்து வந்தால், மூன்று முறை மியூட் போட வேண்டியிருக்கும். செலவு 15 விநாடி.