பதிவிறக்கத் தாமதம்: காரணம் காணும் முறை

ஓர் அலுவலகத்தின் இணைய இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் ஆதலின், 1,200 மெகாபைட் கோப்பு 4 நிமிடத்தில் வந்து சேர வேண்டும். 80 நிமிடம் பிடித்தது.

முதலில் வன்தட்டு சோதிக்கப்பட்டது, இடம் இருந்தது. இடம் தீர்ந்திருப்பின் பதிவிறக்கம் பெரும்பாலும் பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். அடுத்து, வைஃபையை விடுத்துக் கணினி கம்பி வழியே இணைக்கப்பட்டது, வேகம் மாறவில்லை. எனவே குறை சமிக்ஞையில் இல்லை. வேறொரு சர்வரிலிருந்து இறக்கியபோதும் அதே வேகமே கிடைத்தமையால், முதல் சர்வர் மீதும் பழியில்லை.

எல்லாச் சோதனைகளிலும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டிலேயே நின்றது. இவ்வாறு மாறாது நிற்கும் எண், விதிக்கப்பட்ட வரம்பையே சுட்டும். ஒப்பந்தத்தைப் பார்த்தபோது, மாத ஒதுக்கீடு முடிந்ததும் வேகம் குறைக்கப்படும் என்ற விதி காணப்பட்டது. ஒதுக்கீடு புதுப்பிக்கப்பட்டதும் அதே கோப்பு 4 நிமிடத்தில் வந்தது.