‘பேக்கப் ஓடுச்சு’ என்றால் போதுமா? காலை ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய 5 வரிகள்

“பேக்கப் எடுக்குறோம்ல?”

“டெய்லி நைட் ரெண்டு மணிக்கு ஓடுது சார்.”

பெரும்பாலான அலுவலகங்களில் டேட்டாபேஸ் பேக்கப் பற்றிய பேச்சு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பதிலில் ‘ஓடுது’ என்ற தகவல் மட்டும்தான் இருக்கிறது. ஓடியது முழுசா முடிந்ததா? முடிந்த ஃபைலில் இருந்து டேட்டாவைத் திரும்ப எடுக்க முடியுமா? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை மற்ற இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது.

கிட்லேப்பில் நடந்தது என்ன?

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது சர்வர் பின்தங்கிப்போனது. அதில் இருந்த பழைய டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று இரவு வெகுநேரம் வரை வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் முடிவெடுத்தார். அழிக்கும் கட்டளையை அவர் கொடுத்தது, தவறுதலாக, முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

‘பரவாயில்லை, பேக்கப் இருக்கே’ என்று தேடியபோதுதான் பெரிய அதிர்ச்சி. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் `pg_dump` கருவியோ 9.2 பதிப்பில் இருந்தது. தன்னைவிடப் புதிய சர்வரில் இருந்து பேக்கப் எடுக்க `pg_dump` மறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கியது, பிழை காட்டியது, நின்றது.

பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படி ஏற்பாடு இருந்ததே? இருந்தது. மின்னஞ்சலும் போனது. ஆனால் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் கையொப்பம் அந்த மின்னஞ்சல்களில் இல்லாததால், பெறும் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராததை ‘எல்லாம் சரி’ என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கிட்லேப்பைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். சம்பவத்துக்குச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனை வேலைக்காக எடுக்கப்பட்ட டிஸ்க் நகல் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு தளம் திரும்ப ஏறச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. கோடு கோப்புகள் தப்பின. இடைப்பட்ட நேரத்தில் டேட்டாபேஸில் பதிவான சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிறுவனமே பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், பேக்கப்பைச் சோதிப்பது யார் பொறுப்பு என்று வரையறுக்கப்படவே இல்லை என ஒப்புக்கொண்டது.

20 பைட் ஃபைல்

‘இதெல்லாம் பெரிய கம்பெனி கதை, நமக்கு எதுக்கு?’ என்று தோன்றலாம். சிறிய நிறுவனங்களில் தினமும் ஓடும் இந்த ஒற்றை வரியைப் பாருங்கள்:

```
pg_dump orders | gzip > orders.sql.gz
```

இடதுபக்கம் `pg_dump` டேட்டாவை எடுக்கிறது. வலதுபக்கம் `gzip` அதைச் சுருக்கி ஃபைலாக்குகிறது. பாஸ்வேர்டு மாறியதால் `pg_dump` முதல் நொடியிலேயே தோற்றுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். `gzip` ‘எனக்கு எதுவும் வரலை, சரி’ என்று வெற்றுக் கோப்பை ஒழுங்காகச் சுருக்கி வைத்துவிடும். அதன் அளவு 20 பைட். இப்படிக் குழாய்போல இணைத்த கட்டளைகளில், கடைசிக் கட்டளையின் முடிவையே ஷெல் மொத்த முடிவாக எடுத்துக்கொள்ளும். ஆக, ஸ்கிரிப்ட் ‘வெற்றி’ என்கிறது. இன்றைய தேதியில் ஒரு ஃபைலும் இருக்கிறது. உள்ளேதான் ஒன்றும் இல்லை!

பேஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் `set -o pipefail` என்று சேர்த்தால், நடுவில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி எனக் காட்டும். இன்னும் எளிய வழி, குழாயே இல்லாமல் `pg_dump -Fc -f orders.dump orders` என்று எடுப்பது. இதில் சுருக்கும் வேலையும் சேர்ந்தே நடந்துவிடும்.

திறந்து பார்த்தால் போதாதா?

ஃபைலின் அளவைப் பார்ப்பது முதல் சோதனை. நேற்று 6.1 ஜிபி, இன்று 6.2 ஜிபி என்றால் இயல்பு. இன்று 2 ஜிபி என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்து, பலர் `pg_restore --list` கொடுத்து, டேபிள்களின் பெயர்ப் பட்டியல் வந்தால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. `-Fc` வகை ஃபைலில் அந்தப் பட்டியல் இருப்பது தொடக்கத்தில். அதாவது, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. டிஸ்க் நிரம்பி ஃபைல் பாதியில் அறுந்திருந்தாலும் பொருளடக்கம் பத்திரமாக இருக்கும். பட்டியலும் அழகாக வரும். பின்பாதிப் பக்கங்கள் கிழிந்தது தெரியவே தெரியாது.

எனவே நம்பக்கூடிய சோதனை ஒன்றுதான். ஃபைலை வேறொரு சர்வரில் முழுசாக ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

```
dropdb --if-exists restore_test
createdb restore_test
pg_restore --exit-on-error --no-owner --no-privileges -d restore_test orders.dump
psql -d restore_test -c "SELECT count(*), max(created_at) FROM orders"
```

நேற்றைய சோதனை டேட்டாபேஸை அழித்து, புதிதாக ஒன்றை உருவாக்கி, பேக்கப்பை அதில் ஏற்றி, கடைசியில் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: எத்தனை ஆர்டர்கள் இருக்கின்றன? கடைசி ஆர்டர் எப்போது வந்தது? `--exit-on-error` இல்லாவிட்டால் `pg_restore` பிழையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அது முக்கியம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தச் சோதனையை உண்மையான டேட்டாபேஸ் இருக்கும் சர்வரில் ஓட்டக்கூடாது. முதல் வரியே அழிக்கும் கட்டளை. கிட்லேப்பில் நடந்தது நினைவிருக்கட்டும். இரண்டாவது, ஃபைலை லோக்கல் டிஸ்க்கில் இருந்து எடுக்காமல், பேக்கப் போய்ச் சேரும் தொலைவுச் சேமிப்பகத்தில் இருந்தே இறக்கிச் சோதிக்க வேண்டும். ஆபத்தில் கைகொடுக்கப்போவது அந்த நகல்தான். மூன்றாவது, `pg_dump` ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். லாகின் பயனர்கள் அதில் வர மாட்டார்கள். அவர்களை `pg_dumpall --globals-only` மூலம் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

காலையில் வர வேண்டிய ரிப்போர்ட்

உதாரணத்துக்கு, நாளொன்றுக்குச் சுமார் 2,400 ஆர்டர் வரும் ஆன்லைன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேக்கப் அதிகாலை 2 மணிக்குத் தொடங்குகிறது. காலை 7 மணிக்கு வரும் ரிப்போர்ட் இப்படி இருந்தால் போதும்:

```
orders பேக்கப்: சரி
முடிந்தது: 2:14 (நேற்று 2:13)
அளவு: 6.2 ஜிபி (நேற்று 6.1)
ரீஸ்டோர்: முழுமை, 31 நிமிடம்
ஆர்டர்கள்: 18,42,310 (நேற்று 18,39,905), கடைசி 1:59
```

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நேற்றைய எண் இருப்பதால், விஷயம் தெரியாதவர்கூட ‘என்ன இது வித்தியாசமா இருக்கே?’ என்று கேட்க முடியும்.

ஐந்திலும் அதிகம் பேசுவது கடைசி வரி. `pg_dump` தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் இருந்த நிலையையே பதிவு செய்யும். எனவே கடைசி ஆர்டரின் நேரம் 2 மணிக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். ஒருநாள் முதல் நான்கு வரிகளும் பக்காவாக இருந்து, கடைசி ஆர்டர் மட்டும் இரண்டு நாள் பழையதாக வருகிறது என்று வையுங்கள். ஆர்டர் எண்ணிக்கையும் நேற்றுப்போலவே நிற்கிறது. பேக்கப்பில் கோளாறு இல்லை, ரீஸ்டோரிலும் இல்லை. பேக்கப் எடுக்கப்பட்டது முதன்மை சர்வரில் இருந்து அல்ல, அதைப் பின்தொடரும் நகல் சர்வரில் இருந்து. அந்த நகல் சர்வர் இரண்டு நாட்களுக்கு முன்பே பின்தொடர்வதை நிறுத்திவிட்டது. பழைய டேட்டாவை ஸ்கிரிப்ட் ஒழுங்காகப் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறது! இதை வேறு எந்த வரியும் காட்டிக்கொடுக்காது.

நேரத்தைப் படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. பல சர்வர்கள் யுடிசி நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதிகாலை 2 மணி என்பது அங்கே முந்தைய நாள் இரவு 8:30. ரிப்போர்ட்டில் எந்த நேரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், தேவையில்லாத பதற்றம் வராது.

ரிப்போர்ட்டே வராவிட்டால்?

‘தோல்வி என்றால் மட்டும் மெயில் அனுப்பு’ என்ற ஏற்பாடு எப்படி முடியும் என்பதை கிட்லேப்பில் பார்த்தோம். சர்வரே நின்றுபோனால், தோல்வியைச் சொல்லவும் ஆள் இருக்காது. ஆகவே வெற்றியோ தோல்வியோ, ரிப்போர்ட் தினமும் வர வேண்டும். காலை 8 மணிக்குள் வராவிட்டால் அதையே தோல்வியாகக் கணக்கிட்டு, வேறொரு சர்வர் பொறுப்பானவருக்கு அலாரம் அடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பானவர் யார் என்று பெயர் சொல்லி எழுதி வைப்பதும் இதில் சேரும். ‘டீம் பாத்துக்கும்’ என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை.

டேட்டாபேஸ் மிகப் பெரிதாக இருந்து தினமும் ஏற்றிப் பார்க்க நேரம் போதாவிட்டால், வாரம் ஒருமுறை முழு ரீஸ்டோர் செய்யலாம். அப்போது தினசரி ரிப்போர்ட்டில் ‘கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்தது எந்தத் தேதி’ என்ற வரி இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இரவு 2 மணி பேக்கப், 2 மணி வரைக்கும்தான் காப்பாற்றும். அன்று இரவு 11 மணிக்கு டேட்டாபேஸ் போனால், 21 மணி நேர ஆர்டர்கள் திரும்ப வராது. அந்த இழப்பைத் தாங்க முடியாத நிறுவனங்கள், மாற்றங்களைத் தொடர்ந்து வெளியே சேமிக்கும் WAL ஆர்க்கைவிங் முறையையும் சேர்த்துக்கொள்கின்றன. இல்லாவிட்டால் நிர்வாகத்திடம் இரண்டு எண்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது: அதிகபட்சம் ஒரு நாள் டேட்டா போகலாம், திரும்ப ஏற்ற, ஃபைலை இறக்கும் நேரத்துடன் இன்னொரு 31 நிமிடம் ஆகும்.