பெயர் போடாத பதிவு

2010 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஜான்சன் கவுண்டி கம்யூனிட்டி கல்லூரியின் நர்சிங் மாணவிகள் சிலர் பிரசவ வார்டில் பயிற்சியில் இருந்தார்கள். பிரசவத்துக்குப் பின் வெளிவந்த நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்துப் பாடம் நடந்தது. பாடம் முடிந்ததும், அதோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பயிற்சி ஆசிரியையிடம் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக, தட்டின் மேல் குனிந்து சிரித்தபடி ஒரு மாணவி எடுத்துக்கொண்ட படம் அன்றே ஃபேஸ்புக்கில் ஏறியது. சில மணி நேரத்தில் இறங்கியும் விட்டது. ஆனால் அதற்குள் விஷயம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான்கு மாணவிகள் நீக்கப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர் நீதிமன்றம் போனார். 2011 ஜனவரியில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி எரிக் மெல்கிரன் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். படம் எடுப்பதே பிறர் பார்ப்பதற்காகத்தான். எடுக்க அனுமதித்துவிட்டு, வெளியிட்டதற்காகத் தண்டிப்பது சரியல்ல என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த நஞ்சுக்கொடி யாருடையது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, ஆகவே நோயாளியின் அந்தரங்கம் மீறப்படவில்லை என்பது இன்னொன்று.

தீர்ப்பு நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இந்த வழக்கைப் படிக்கும் மாணவிகள் பலர் 'அடையாளம் தெரியாவிட்டால் போடலாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். வழக்கு பெரும்பாலும் ஆசிரியையின் அனுமதியைச் சுற்றியே நடந்தது. நஞ்சுக்கொடி ஆசிரியையுடையது அல்ல. அந்தத் தாய் அடுத்த அறையில் படுத்தபடி படத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? தீர்ப்பில் அதற்குப் பதில் தேடிப் பயனில்லை. மாணவியைக் கல்லூரி நடத்திய விதம் சரியா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது.

நீதிமன்றத்தை நம்பிப் பதிவு போடுவதும் ஆபத்து. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஒரு நர்சிங் மாணவி, தான் உடனிருந்த ஒரு பிரசவத்தைப் பற்றித் தன் மைஸ்பேஸ் பக்கத்தில் கிண்டலாக எழுதினார். தாயின் பெயரைக் குறிப்பிடவில்லை. 2009இல் அவர் நீக்கப்பட்டார். அதே ஆண்டு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கடைசியில் 2013இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகவே வழக்கு முடிந்தது. ஒரு பதிவுக்கு நான்கு ஆண்டு வழக்கு.

'பெயர் போடவில்லையே' என்ற வாதம் நம் ஊரில் எப்படி உடையும் என்று பார்க்கலாம். ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவமனையில் போஸ்டிங்கில் இருக்கும் மாணவி, இரவு விடுதிக்கு வந்ததும் ஸ்டேட்டஸ் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: 'இன்னிக்கு என் கையில மூணு குழந்தைங்க! ஒரே பிரசவம். அம்மாவுக்கு ரத்தம் நிக்காம ரொம்ப பயந்துட்டோம். இப்ப எல்லாரும் நலம்.' படம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை, நல்ல செய்திதான்.

ஆனால் பதிவு தன் தேதியைத் தானே சொல்லிவிடுகிறது. அவள் பக்கத்தின் முகப்பில் கல்லூரியின் பெயர் இருக்கிறது; அந்தக் கல்லூரி மாணவிகள் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆக இடமும் கிடைத்துவிட்டது. ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் அந்த ஊரில் அன்றைக்கு ஒரு வீட்டில்தான் பிறந்திருக்கும். குழந்தைகள் பிறந்தது உறவினர்களுக்கு முன்பே தெரியும். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை என்பதை அந்தக் குடும்பம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். அதை மாமியார் வீட்டுக்கு இப்போது ஸ்டேட்டஸ் சொல்லிவிட்டது.

அமெரிக்காவின் ஹிப்பா விதிகள் மருத்துவத் தகவலிலிருந்து அடையாளத்தை நீக்க ஒரு வழியாக 18 வகை விவரங்களை எடுக்கச் சொல்கின்றன. பெயர் அதில் ஒன்றுதான். சிகிச்சை பெற்ற தேதி, மாநிலத்தைவிடச் சிறிய இட விவரம், முழு முகப்படம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் மாணவிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும் பட்டியல் நன்றாகவே உதவும். மேலே சொன்ன ஸ்டேட்டஸை அதோடு ஒப்பிட்டால் தேதியும் இடமும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அன்றைய அனுபவத்தை அன்றைக்கே, சொந்தப் பக்கத்தில் எழுதும்வரை இந்த இரண்டையும் மறைக்க வழியே இல்லை. செல்ஃபி என்றால் இன்னும் மோசம். பின்னால் கட்டில் எண், கேஸ் ஷீட், பக்கத்துக் கட்டில்காரரின் முகம் என்று எது விழும் என்பது எடுப்பவருக்கே தெரியாது.

மாணவி எதுவும் போடாமலேயே சிக்கல் வருவதும் உண்டு. சர்க்கரை நோயால் காலில் புண் வந்த பெரியவர் ஒருவரை ஒரு மாணவி இரண்டு வாரம் கவனித்துக்கொள்கிறாள். வீட்டுக்குப் போகும்போது அவருடைய மகன் எண் கேட்கிறார். மறுக்கச் சங்கடப்பட்டுக் கொடுத்துவிடுகிறாள். பத்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் புண்ணின் படம் வருகிறது.

'சிஸ்டர், அப்பாவுக்கு சீழ் வருது. போன தடவை கொடுத்த மாத்திரை மீதி இருக்கு. கொடுக்கலாமா?'

'கொடுங்கண்ணா, காலையில பார்க்கலாம்' என்று அன்பாகப் பதில் போட்டால் அது சிகிச்சை ஆகிவிடும். அவள் இன்னும் பதிவு பெற்ற செவிலியர் அல்ல. வார்டில் அவள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வை உண்டு, இங்கே யாரும் இல்லை. சர்க்கரை நோயாளியின் காலில் சீழ் வைத்த புண் ஓர் இரவில் மோசமாகலாம். பதில் போடாமல் விடுவதும் சரியல்ல. அவள் எழுதக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

'அண்ணா, நான் ஸ்டூடன்ட். மாத்திரை பத்தி போன்ல சொல்லக்கூடாது, நீங்களா எதுவும் கொடுக்காதீங்க. காய்ச்சல், நடுக்கம் இருந்தாலோ கால் கருத்தாலோ இப்பவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னாலும் காலையில முதல் வேலையா ஓ.பி.க்கு வாங்க.'

காலையில் வார்டு சிஸ்டரிடமோ டியூட்டரிடமோ நடந்ததை அப்படியே காட்ட வேண்டும். படம் அவள் போனின் கேலரியில் தானாகச் சேமித்திருக்கும். காட்டியபின் அதை அழிக்க வேண்டும். வேறு குரூப்புக்கு 'இந்த ஊண்டைப் பாருங்கடி' என்று தள்ளக் கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப் வகுப்பறை அல்ல. அறுபது பேர் கையில் இருக்கும் அறுபது போன்கள் அது.

எண் கொடுத்ததில்தான் பிசகு தொடங்கியது. 'எங்களுக்கு அனுமதி இல்லைங்க, வார்டு நம்பர் தர்றேன்' என்று முதல் நாளே சொல்லியிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வந்திருக்காது. விதியின் மேல் பழியைப் போடுவது மறுப்பதைச் சுலபமாக்கும்.

தவறான பதிவு ஏற்கெனவே போயிருந்தால், உடனே அழிக்க வேண்டும். அழித்தால் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது, கன்சாஸில் அது முடியவில்லை. எத்தனை மணிக்குப் போட்டோம், எப்போது எடுத்தோம், யார் யார் பார்த்ததாகக் காட்டுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, புகார் வருமுன் டியூட்டரிடம் சொல்ல வேண்டும். அப்போதுதான் நோயாளியின் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது, என்ன செய்வது என்று மருத்துவமனை முடிவு செய்ய நேரம் கிடைக்கும்.