லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை

திருப்பூரில் புதிதாகத் தொடங்கும் ஒரு தையல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 4 லட்சத்துக்கு வேலை, 3 லட்சம் செலவு. லாபக் கணக்கு முதல் மாதமே சிரிக்கும். ஆனால் வங்கி கேட்கும் பணவரவு-செலவுக் கணிப்பில் (கேஷ் ஃப்ளோ) பில் போட்ட மாதத்துக்கு மதிப்பில்லை. பணம் வந்து சேரும் மாதத்தில்தான் வரவு எழுத வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் போடும் பில்லுக்கு, 60 நாள் கடன் என்றால், ஜூன் கடைசியில்தான் பணம். கூலி, வாடகை, கரண்ட் பில் காத்திருக்காது. கையில் 2 லட்சத்துடன் தொடங்கினால் ஏப்ரல் முடிவில் 1 லட்சம் பற்றாக்குறை, மே முடிவில் 4 லட்சம். ஜூன் முதல் மாதம் ஒரு லட்சமாகக் குறைந்து, செப்டம்பரில்தான் பள்ளம் தூரும்.

அந்த 4 லட்சத்தோடு வட்டியும், பில் தாமதமானால் சமாளிக்கச் சிறிது கூடுதலும் சேர்த்ததே கேட்க வேண்டிய நடைமுறை மூலதனக் கடன். குத்துமதிப்பாக 10 லட்சம் என்று எழுதினால், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. இன்னொன்று: தேய்மானத்தை இதில் செலவாக எழுதாதீர்கள், அதற்காக யாருக்கும் பணம் போவதில்லை. தவணையின் அசலை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். அது லாபக் கணக்கில் வராது, இதில் வந்தே தீரும்.