நொடிக்கு 86 தட்டு

பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் பேரிங் பக்கம் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கரகரவென்று கேட்டால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். காது பொய் சொல்லாது, ஆனால் கடைசி நேரத்தில்தான் சொல்லும். அதே இடத்தில் காந்தத்தால் ஒட்டவைக்கும் அதிர்வு சென்சார் பெரும்பாலும் பல வாரங்கள் முன்பே சொல்லிவிடுகிறது.

நூற்பாலையின் விசிறி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24. உள்ளே 6205 பேரிங், அதில் ஒன்பது குண்டுகள். விசிறி இறக்கையில் பஞ்சு ஒரு பக்கமாகப் படிந்து எடை மாறினால், சுற்றுக்கு ஓர் உதறல் வீதம் நொடிக்கு 24 முறை அதிரும். பேரிங்கின் வெளி வளையத்தில் சிறு பொத்தல் விழுந்தால் கணக்கே வேறு. குண்டுகளின் வரிசை தண்டைவிட மெதுவாக, நொடிக்குச் சுமார் 9.6 முறைதான் சுற்றுகிறது. ஒன்பது குண்டுகளும் பொத்தலைத் தட்டிச் செல்வதால் நொடிக்கு ஏறத்தாழ 86 தட்டு. இது 24-இன் மடங்கு அல்ல. எனவே எடைக் கோளாறின்மீதோ தண்டு நேராக இல்லாததன்மீதோ பழிபோட வழியில்லை.

ஆரம்பத்தில் மொத்த அதிர்வின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். மெல்லிய தட்டுகளைப் பிரித்தெடுக்கும் வரைபடத்தில்தான் 86 தலைநீட்டும். உடனே மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பார்ப்பதை வாரம் ஒருமுறையாக்கி, பேரிங்கை வாங்கி வைத்து, அடுத்த விடுமுறையில் மாற்றலாம். ஒரு கண்ணி உண்டு: பொத்தல் பெரிதாகிப் பரவியதும் அந்தக் கூர்முனை மங்கி, இரைச்சல் மட்டும் எங்கும் பரவும். முனை தணிந்ததைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைப்பவர் முறிவுக்கு மிக அருகில் இருக்கிறார்.

மெதுவாகச் சுற்றும் பெரிய கியர்பாக்ஸில் தட்டு பலவீனமாக இருப்பதால் சென்சார் திணறும். அங்கே எண்ணெய்தான் சாட்சி. மாதிரியை ஓடும்போதோ நிறுத்திய சூட்டிலோ, எப்போதும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அடித்துளையில் பிடித்தால் பழைய கசடுதான் வரும். இரும்பும் சிலிக்கனும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் மூச்சுத்துளை வழியே மண்தூசி புகுந்து பற்களைத் தேய்க்கிறது. அங்கே வடிகட்டியை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் ஆய்வகத்தின் வழக்கமான கருவி மிக நுண்ணிய துகள்களைத்தான் நன்றாக எண்ணும். பல்லிலிருந்து செதில் செதிலாக உலோகம் பெயரும்போது அறிக்கையில் இரும்பு சாதாரணமாகவே இருக்கலாம். அதனால் காந்தம் பொருத்திய அடைப்பானைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும்; மினுங்கும் செதில் ஒட்டியிருந்தால் அறிக்கையை விட்டுவிட்டு அதை நம்புங்கள். எண்ணெய் மாற்றிய தேதியையும் மாதிரிப் புட்டியில் எழுதுங்கள். புது எண்ணெயில் எல்லா எண்களும் இறங்கித்தான் இருக்கும்.