முதலில் வெளியேறும் மருந்து எது?

மருத்துவமனைக் கிடங்கில் முதலில் வந்த மருந்தே முதலில் வெளியே செல்லும் என்று நாம் நினைக்கலாம். உண்மையில், முதலில் காலாவதியாகும் மருந்துதான் முதலில் வழங்கப்படுகிறது. நேற்று வந்த பெட்டி, சென்ற மாதம் வந்ததைவிட முன்னதாகவே காலாவதியாகக்கூடும். எனவே, பணியாளர் தேதியைப் பார்த்து அதனை அலமாரியின் முன்வரிசையில் அடுக்குகிறார்.

அவசரத் தள்ளுவண்டியில் வைக்கப்படும் அட்ரினலின் ஊசிமருந்துக்கு இந்த முறை மட்டும் போதாது. இதயத்துடிப்பு நின்றவருக்கும் கடும் ஒவ்வாமையால் மூச்சுத்திணறுபவருக்கும் அது உடனே தேவை. ஆனால், சில வார்டுகளில் பல மாதங்கள் அதனைத் தொடவே நேராது. அங்குள்ள 10 குப்பிகள் டிசம்பரில் காலாவதியாகும் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரிலேயே அவற்றை எடுத்து, அம்மருந்து அடிக்கடி பயன்படும் அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். வண்டியில் அன்றே புதிய குப்பிகளை வைக்க வேண்டும்.

தட்டுப்பாடு சில நேரங்களில் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. அறுவைச் சிகிச்சைக் கையுறைகள் 20 பெட்டிகளாகக் குறைந்தால் புதிதாக வாங்க வேண்டும் என்பது விதி என்று கொள்வோம். கணினியில் 30 பெட்டிகள் உள்ளன. அலமாரியிலோ 18 மட்டுமே. இரவில் அவசரமாக எடுத்தவர் பதிவு செய்யவில்லை. அதனால் கணினி எச்சரிக்காது. சலிப்பூட்டும் வேலைதான் என்றாலும், பணியாளர்கள் அலமாரிகளை நேரில் எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான்.