பதினைந்து எம்பி கோப்பு எங்கே நின்றது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் கட்டுரைத் தொகுப்பை ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்ப முயன்றார். கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தார். கோப்பின் அளவு 14.6 எம்பி. பதிப்பகத்தின் இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பி, கோப்பைச் சேர்த்து, பொத்தானை அழுத்தினார். நீலப் பட்டை கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு திரையில் `ERR_CONNECTION_RESET` என்று வந்து நின்றுவிட்டது.

அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் எனக்குத்தான் போன் வந்தது. "தம்பி, நாலு தடவ அனுப்பிட்டேன். எங்க வீட்டு நெட்டுதான் சரியில்லையோ?"

அவர் வீட்டு நெட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் கண்ட செய்தி அப்படித்தான் நம்பவைக்கும். கோப்பு பெரிது, எங்கள் தளம் அதை ஏற்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. 'அதிகபட்சம் 20 எம்பி வரை அனுப்பலாம்' என்றுதான் எங்கள் படிவத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரியை எழுதியதும் நான்தான்.

ஒரு கோப்பு நம் கணினியிலிருந்து இணையதளத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் அதை வாங்குவது முன்வாசலில் நிற்கும் வெப் சர்வர். எங்கள் தளத்தில் அந்த வேலையை என்ஜின்எக்ஸ் செய்கிறது. வருகிற எல்லாவற்றையும் வாங்கி உள்ளே இருப்பவரிடம் கொடுப்பதால் இதைப் ப்ராக்ஸி என்றும் சொல்வார்கள். உள்ளே இருப்பது பி.எச்.பி. படிவத்தைப் பிரித்துப் பார்த்து, பெயரைத் தனியே, கோப்பைத் தனியே எடுத்துவைப்பது அதன் வேலை. கடைசியில்தான் நான் எழுதிய நிரல் வருகிறது. 20 எம்பி என்று நான் எழுதிய விதி இருந்தது அந்தக் கடைசி இடத்தில். முன்னால் இருக்கிற இருவருக்கும் அது தெரியாது. அவர்களுக்கு அவரவர் அளவு உண்டு. யாரும் மாற்றாதவரை, நிறுவும்போது வந்த அளவுதான் நடைமுறையில் இருக்கும்.

அந்த அளவுகள் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. என்ஜின்எக்ஸ் ஏற்கும் உச்சம் 1 எம்பி. பி.எச்.பி.யில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கு 8 எம்பி. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் கூட முதல் வாசலைத் தாண்டாமல் போகலாம்.

இந்த அளவுகளை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எத்தனை பெரிய கோப்பையும் அனுப்பலாம் என்று திறந்துவிட்டால், ஒரே இரவில் சர்வரின் வட்டு நிரம்பிவிடும். என்ஜின்எக்ஸில் அளவை 0 என்று வைத்தால் சோதனையே நின்றுவிடும். அவசரத்தில் பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். செய்யக்கூடாது.

இந்தச் சிக்கலில் ஆளைச் சுற்றவிடுவது ஒன்றுதான்: மூன்று இடங்களில் கோப்பு நிற்கலாம், ஒவ்வொரு இடத்திலும் நிற்கும்போது திரையில் தெரிவது வேறு வேறு. எது தெரிகிறது என்று கவனித்தால், எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம்.

ஆசிரியருடைய கோப்பு முதல் வாசலிலேயே நின்றுவிட்டது. பிரவுசர் ஒரு கோப்பை அனுப்பத் தொடங்கும்போதே 'மொத்தம் இத்தனை பைட் வரப்போகிறது' என்று தலைப்பில் சொல்லிவிடும். என்ஜின்எக்ஸ் அதைப் பார்த்த உடனே மறுத்துவிடுகிறது. முழுக் கோப்பும் வரும்வரை காத்திருப்பதில்லை. மறுப்பதற்கான எண் 413. ஆனால் பிரவுசர் அப்போதும் கோப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுப்புச் செய்தியைப் படித்துக் காட்டுவதற்குள் என்ஜின்எக்ஸ் இணைப்பைத் துண்டித்துவிடுவதும் உண்டு. அப்போது 413 திரைக்கே வராது, இணைப்பு அறுந்ததாக மட்டும் தெரியும். நெட்டு மெதுவாக இருந்தால் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். அவர் தன் வீட்டு நெட்டைச் சந்தேகப்பட்டது இதனால்தான்.

சர்வரின் பிழைப்பதிவில் உண்மை ஒரே வரியில் கிடந்தது:

```
client intended to send too large body: 15310498 bytes
```

நான்கு முறை அனுப்பியதாக அவர் சொன்னார். நான்கு வரிகள் இருந்தன. என்ஜின்எக்ஸின் செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தேன்:

```
client_max_body_size 26m;
```

`nginx -t` என்று தட்டிச் சரிபார்த்து, ரீலோடு செய்து, அவரை மறுபடி அனுப்பச் சொன்னேன். இந்த முறை நீலப் பட்டை முழுதாக ஓடியது. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆயிற்று. முடிவில் படிவம் திரும்ப வந்து, 'உங்கள் பெயரை எழுதவும்' என்றது.

"பேரு எழுதித்தானே தம்பி அனுப்புனேன்? பத்து எடமும் நெரப்பினேனே!"

நிரப்பித்தான் இருந்தார். இது இரண்டாவது வாசல். முழுப் படிவத்தின் அளவு `post_max_size` என்ற எல்லையைத் தாண்டினால், பி.எச்.பி. கோப்பை மட்டும் ஒதுக்குவதில்லை. பெயர், முகவரி, தொலைபேசி என்று மொத்தப் படிவத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, என் நிரலிடம் வெற்றுத் தாளைக் கொடுக்கிறது. வெற்றுத் தாளைப் பார்த்த நிரல் முதல் கேள்வியைக் கேட்டது: பெயர் எங்கே? இந்த ஒரு நடத்தை மக்களை எவ்வளவு வாட்டியிருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. எழுதினதையே எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் தவறு தன்னுடையது என்றுதான் நினைப்பார்கள். அதுவும் ஒரு நிமிடம் காத்திருந்த பிறகு. என்ஜின்எக்ஸ் வழக்கமாக முழுக் கோப்பையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே கொடுக்கும். ஆகவே பி.எச்.பி. மறுக்கும் கோப்பும் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் மறுக்கப்படுகிறது.

பதிவேட்டில் இதற்கும் ஒரு வரி இருந்தது:

```
PHP Warning:  POST Content-Length of 15310498 bytes exceeds the limit of 8388608 bytes in Unknown on line 0
```

8388608 என்பது 8 எம்பிதான், பைட்டில் எழுதியிருக்கிறது.

இதைத் திருத்தப் போனபோது நானே ஒரு குழியில் விழுந்தேன். எந்தக் கோப்பில் இந்தச் செட்டிங் இருக்கிறது என்று அறிய `php --ini` என்று தட்டினேன். அது காட்டிய கோப்பில் எண்ணை மாற்றினேன். திரும்பக் கேட்டால் புதிய எண்ணைத்தான் சொன்னது. தளம் மட்டும் பழையபடியே இருந்தது. டெபியன், உபுண்டு சர்வர்களில் பி.எச்.பி.க்கு இரண்டு செட்டிங் கோப்புகள் உண்டு. கட்டளைத் திரையில் ஓடும் பி.எச்.பி. படிப்பது `/etc/php/8.2/cli/php.ini`. இணையதளத்துக்காக ஓடும் பி.எச்.பி. படிப்பது `/etc/php/8.2/fpm/php.ini`. நான் மாற்றியது முதலாவதை. இணையதளத்தின் வழியாகவே `phpinfo()` பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டும், சர்வரின் அந்தரங்கம் முழுவதும் அதில் இருக்கும்.

இன்னொரு குழியையும் சொல்லிவிடுகிறேன். பி.எச்.பி.யில் 20 எம்பி என்பதை `20M` என்று எழுத வேண்டும். பழக்கத்தில் `20MB` என்று எழுதினால், கடைசி எழுத்தான `B` அதற்குப் புரிவதில்லை. 20 என்று மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதாவது 20 பைட். அளவைக் கூட்டப் போய், ஒரு சின்னப் படம்கூடப் போகாமல் செய்துவிட்டோம் என்று ஆகிவிடும். 8.2 பதிப்பிலிருந்து இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தருகிறது, முன்பு அதுவும் இல்லை. என்ஜின்எக்ஸ் இந்த விஷயத்தில் கறார். `26mb` என்று எழுதினால் `nginx -t` தவறு என்று சொல்லி நிறுத்திவிடும்.

சரியான கோப்பில் `post_max_size` மாற்றி, பி.எச்.பி.யை ரீலோடு செய்தேன். மூன்றாவது முயற்சியில் பெயரும் முகவரியும் வந்தன, கோப்பு வரவில்லை. கோப்புக்கு எதிரே பிழை எண் 1. தனிக் கோப்புக்கான `upload_max_filesize` இன்னும் 2 எம்பியில் இருந்தது என்று பொருள். மூன்றில் இதுதான் கண்ணியமான மறுப்பு. படிவம் பத்திரமாக இருக்கிறது, காரணமும் எண்ணாக வந்துவிடுகிறது. 'கோப்பு பெரிதாக இருக்கிறது' என்று தமிழில் சொல்ல என் நிரலுக்கு வழி இருக்கிறது.

அதனால்தான் எல்லா அளவையும் ஒரே எண்ணாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே குறைவாகவும், வெளியே போகப் போகச் சற்றே அதிகமாகவும் வைத்தேன். நிரலில் 20, பி.எச்.பி.யில் இப்படி:

```
upload_max_filesize = 22M
post_max_size = 24M
```

முன்வாசலில் ஏற்கெனவே 26. 21 எம்பி கோப்பை ஒருவர் அனுப்பினால், முன்வாசல்கள் அனுமதித்து, கடைசியில் என் நிரல் மறுக்கும், காரணத்தையும் சொல்லும். ஒருவேளை தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் இன்னொரு வாசல் கூடுகிறது. அதன் இலவசத் திட்டத்தில் 100 எம்பி எல்லை. அதை நம் சர்வரில் எதை மாற்றியும் கூட்ட முடியாது.

சொந்தச் சர்வர் இல்லாமல் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் `.user.ini` என்ற கோப்பில் இதே இரண்டு வரிகளை எழுதிப் பார்க்கலாம். எழுதிய உடனே மாறவில்லை என்று பதற வேண்டாம், அந்தக் கோப்பைப் பி.எச்.பி. 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். நிரலுக்குள் `ini_set()` என்று எழுதிப் பயனில்லை. அந்த வரி ஓடும்போது கோப்பு ஏற்கெனவே வந்து, மறுக்கவும் பட்டிருக்கும்.

ஆசிரியரை மறுபடி தொந்தரவு செய்யும் முன் நானே சோதித்துக்கொண்டேன். அளவு சொல்லி வெற்றுக் கோப்பு உண்டாக்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
dd if=/dev/zero of=test19.pdf bs=1M count=19
```

19 எம்பி போயிற்று. 21 எம்பிக்கு 'கோப்பு 20 எம்பிக்கு மேல் இருக்கிறது' என்று தமிழில் செய்தி வந்தது, நிரப்பிய பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன. 23 எம்பி பிழை எண் 1 தந்தது. 25 எம்பி வெற்றுப் படிவமாய்த் திரும்பியது, 27 எம்பி முன்வாசலிலேயே நின்றது. அந்தக் கடைசி மூன்றையும் பிரவுசரிலேயே பிடிக்க, கோப்பைத் தேர்ந்தெடுத்த கணமே அளவு பார்க்கும் ஒரு சின்ன சோதனையைப் படிவத்தில் சேர்த்தேன். ஒரு நிமிடம் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை.

அன்று மாலை ஆசிரியர் ஐந்தாவது தடவையோ ஏழாவது தடவையோ அனுப்பினார். கட்டுரைத் தொகுப்பு வந்து சேர்ந்தது. 14.6 எம்பி, 212 பக்கம், ஓரத்தில் சிவப்பு மையில் அவரே போட்ட திருத்தங்களோடு.